செய்தி ஒருவரிடம், சாட்சி இன்னொருவரிடம்: ஓர் ஆய்வகப் பணியாளரின் வேலைத் தேடல்

வேலை இழந்தவர்களுக்கு வழிகாட்டும் ஒரு சிறு குழுவில் நான் இருக்கிறேன். எங்களிடம் வந்த ஒருவரின் பதின்மூன்று வாரத் தேடலை இங்கே பதிவு செய்கிறேன். அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டேன். நாங்கள் சொன்ன ஒரு யோசனை தவறாகப் போனது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று தோன்றியது.

## பின்னணி

அவருக்கு வயது 41. மருந்துத் தொழிற்சாலை ஒன்றின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகத்தில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர். எச்.பி.எல்.சி கருவியில் மாதிரிகளை ஓட்டி, மருந்தில் இருக்க வேண்டியது இருக்க வேண்டிய அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. நிர்வாகம் அந்த ஆலையை மூட முடிவெடுத்தது. ஆய்வகத்தில் இருந்த 26 பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது.

இந்த 26 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரே திறமை உள்ளவர்கள், ஒரே நாளில், ஒருவரையொருவர் நன்றாகத் தெரிந்த நிலையில் வேலை தேட இறங்கினார்கள். அவருக்கு முதலில் வந்த சிக்கலின் வேர் இங்கேதான் இருக்கிறது.

கையில் ஆறு மாதத்துக்கான சேமிப்பு இருந்தது. அதனால் கிடைத்த வேலைக்குப் போயே ஆக வேண்டும் என்ற நெருக்கடி உடனே வரவில்லை. எங்களிடம் வந்தபோது ஆறாவது வாரம் ஓடிக்கொண்டிருந்தது.

## முதல் ஐந்து வாரம்

வரும்போது ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். ஆய்வகப் பழக்கம், எல்லாவற்றையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தார். யாரிடம் பேசினார், அவர் எந்த வேலையைப் பற்றிச் சொன்னார், அதற்கு என்ன செய்தார் என்று மூன்று பத்திகள். பொதுவாக இப்படி ஒரு பதிவு எங்களுக்குக் கிடைப்பதில்லை. பெரும்பாலோர் "எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன்" என்பதோடு நிறுத்திவிடுவார்கள்.

அவர் பேசியது 23 பேரிடம். கூட வேலை பார்த்தவர்கள், கூடப் படித்த இரண்டு தோழிகள், குடும்பத்தார். அவர்கள் சொன்ன வேலைத் தகவல்கள் மொத்தம் 31. உட்கார்ந்து ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்த்தபோது, அந்த 31-ம் உண்மையில் ஏழே ஏழு வேலைகள்தான் என்று தெரிந்தது. அந்த ஏழிலும் ஆறு ஏற்கெனவே விளம்பரத்தில் வந்தவை. ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் ஒன்பது பேர் தனித்தனியாக அவருக்குச் சொல்லியிருந்தார்கள்.

"ஒரே வேலைய ஒன்பது பேர் சொல்றாங்க. ஒவ்வொருத்தருக்கும் நன்றி சொல்லியே நாள் போகுது" என்றார். ஒரு நேர்முகத்துக்கு அழைப்பு வந்திருந்தது. போய்ப் பார்த்தால், வெளியே காத்திருந்த ஆறு பேரில் நான்கு பேர் அவருடைய பழைய ஆய்வகத்துக்காரர்கள். எல்லாரும் ஒருவரையொருவர் நலம் விசாரித்துக்கொண்டு, உள்ளே போய்ப் போட்டி போட்டுவிட்டு வந்திருக்கிறார்கள்.

யாரும் உதவி செய்யாமல் இல்லை. 23 பேரும் மனதார உதவினார்கள். ஆனால் அவர்கள் எல்லாருடைய காதுக்கும் செய்தி வரும் வழி ஒன்றாகவே இருந்தது.

இதை விளக்க அவரிடம் ஒரு பழைய ஆய்வைப் பற்றிச் சொன்னோம். அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், பாஸ்டனுக்கு அருகிலுள்ள நியூட்டன் என்ற ஊரில், அண்மையில் வேலை மாறியவர்களிடம் எப்படி அந்த வேலை கிடைத்தது என்று விசாரித்தார். 1973-ல் வந்த அவருடைய கட்டுரையில் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்த 54 பேரிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்த்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். வாரத்துக்கு இரண்டு முறையாவது பார்த்தவர் என்று சொன்னது 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்பவர் என்று 55.6 சதவீதமும், வருடத்துக்கு ஒரு தடவை அல்லது அதைவிடக் குறைவாகப் பார்ப்பவர் என்று 27.8 சதவீதமும் சொன்னார்கள். நமக்கு நெருங்கியவர்கள் தங்களுக்குள்ளும் நெருங்கியவர்களாக இருப்பார்கள், ஆகவே நமக்குத் தெரிந்ததே அவர்களுக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர் தந்த விளக்கம். புதுச் செய்தி வேண்டுமானால் அது வேறு வட்டத்திலிருந்து வர வேண்டும். அந்த வட்டத்தையும் நம்மையும் இணைக்கும் பாலம் பெரும்பாலும் ஒரு மெல்லிய தொடர்பாகவே இருக்கும்.

அதற்காக முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் எழுதச் சொல்லவில்லை. 2022-ல் சயன்ஸ் இதழில் வந்த ஓர் ஆய்வு, லிங்க்ட்இன் தளத்தில் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேரிடம் ஐந்து வருடம் நடந்த பரிசோதனைகளை அலசியது. பொதுவான நண்பர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தபோது, வேலை மாறுவதற்கு அதிகம் உதவியவை நடுத்தரமாக மெல்லிய தொடர்புகள். மிக நெருங்கியவையும் அவ்வளவு உதவவில்லை, முற்றிலும் அறுந்தாற்போல் இருப்பவையும் உதவவில்லை. அப்படியென்றால் நாம் தேட வேண்டியது, பெயரைச் சொன்னால் "ஓ, அவங்களா" என்று ஞாபகம் வரக்கூடிய ஆட்களை.

## தாளில் வரைந்தது

ஒரு பெரிய தாளில் அந்த 23 பெயர்களையும் எழுதச் சொன்னோம். யாருக்கு யாரைத் தெரியுமோ அவர்களுக்கு இடையே கோடு. அரை மணி நேரத்தில் தாளின் நடுவில் நூல்கண்டு மாதிரி ஒரு சிக்கல் உருவானது. வெளியே தனியாக நின்றது இரண்டே பெயர்கள், கல்லூரித் தோழிகள்.

அப்புறம், "இந்தக் கூட்டத்துக்கு வெளியே உங்களுக்கு வேறு யாரைத் தெரியும்?" என்று கேட்டோம். "யாரும் இல்லை" என்றார். இந்தப் பதிலை நாங்கள் அடிக்கடி கேட்கிறோம், அது பெரும்பாலும் சரியாக இருப்பதில்லை. ஆட்களைக் கேட்டால் மனம் நெருக்கத்தின் வரிசையில்தான் பெயர்களை எடுத்துத் தரும். மெல்லிய தொடர்புகள் அந்த வரிசையில் வரவே வராது. அதனால் கேள்வியை மாற்றி, சந்தர்ப்பங்களைக் கேட்டோம். கருவி பழுதானால் யாருக்கு ஃபோன் செய்வீர்கள்? ரசாயனம் வாங்கியது யாரிடம்? வெளியிலிருந்து பயிற்சி கொடுக்க வந்தது யார்? இதற்கு முந்தைய வேலையில் பக்கத்து மேசையில் இருந்தவர் இப்போது எங்கே?

கருவியைப் பற்றிக் கேட்டதும் அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டார். எச்.பி.எல்.சி கருவியின் பக்கவாட்டில் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒன்று ஒட்டியிருக்கும். சரிபார்த்த தேதி, அடுத்து சரிபார்க்க வேண்டிய தேதி, கீழே கையெழுத்து. பல வருடமாக அதே கையெழுத்து. சர்வீஸ் இன்ஜினியர் ஒருவர் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து, அரை நாள் கருவியோடு இருந்துவிட்டுப் போவார். "அவர் பேர் ஞாபகம் இருக்கு. நம்பர் ஆபீஸ் மெயில்ல இருந்துச்சு, அது போச்சு" என்றார்.

இப்படி ஒவ்வொரு சந்தர்ப்பமாகப் போனதில் 19 பெயர்கள் கிடைத்தன. இவர்களில் பெரும்பாலோருக்கு அந்த நூல்கண்டில் இருக்கும் யாரையும் நேரடியாகத் தெரியாது.

19 பேரில் யாரிடம் முதலில் போவது என்பதற்கு நாங்கள் வைத்த அளவுகோல் ஒன்றுதான். தன் வேலையின் காரணமாகவே பல ஆய்வகங்களுக்குள் போய் வருகிறவர் யார்? பதவியில் பெரியவரா என்று பார்க்கவில்லை. ஓர் ஆய்வகத்தின் தலைவருக்குத் தன் ஆய்வகம் தெரியும். சர்வீஸ் இன்ஜினியருக்கு முப்பது ஆய்வகங்கள் தெரியும். எங்கே புதுக் கருவி இறங்கியிருக்கிறது, எங்கே ஆள் போதாமல் மாதிரிகள் தேங்கிக் கிடக்கின்றன என்பதை அவர் விளம்பரம் வருவதற்கு வெகு முன்பே கண்ணால் பார்த்துவிடுகிறார். அவரையும் சேர்த்து ஐந்து பேரைத் தேர்ந்தெடுத்தோம். ஃபோன் நம்பர் இல்லாதவர்களை அவர்களுடைய அலுவலகப் பொது எண்ணில் கூப்பிட்டுப் பிடித்தார்.

## நாங்கள் செய்த தவறு

ஏழாவது வாரம் ஐந்து பேருக்கும் ஒரு செய்தி போனது. அதை எழுத உதவியது நாங்கள்தான். ஆலை மூடியதைச் சொல்லி, பயோடேட்டாவை இணைத்து, "உங்களுக்குத் தெரிந்த ஆய்வகங்களில் என்னைப் பரிந்துரைக்க முடியுமா?" என்று முடித்திருந்தோம்.

பத்து நாள் போனது. இரண்டு பேர் "பார்க்கிறேன் மேடம்" என்று பதில் போட்டார்கள். மூன்று பேரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சர்வீஸ் இன்ஜினியர் அந்த மூன்றில் ஒருவர். செய்தியைப் படித்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்தது.

அவர் அக்கறையில்லாதவர் என்று நினைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. அவருடைய இடத்தில் நின்று யோசித்தோம். அந்த ஆய்வகங்கள் எல்லாம் அவருக்கு வாடிக்கையாளர்கள். இந்தப் பெண்மணியை அவர் பார்த்தது வருடத்தில் இரண்டு தடவை, ஒவ்வொரு தடவையும் கருவியைப் பற்றிப் பத்து இருபது நிமிடப் பேச்சு. வேலையில் அவர் எப்படி என்று இன்ஜினியருக்கு உண்மையில் தெரியாது. தெரியாத ஒருவருக்காகத் தன் பெயரை வாடிக்கையாளரிடம் வைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறோம். நியமித்தவர் சரியில்லை என்றால் அடுத்த சர்வீஸ் ஒப்பந்தத்தின்போது அது அவர் தலையில் விழும்.

இந்தத் தயக்கம் ஆய்வுகளில் பதிவானதுதான். அமெரிக்காவில் வறுமையில் வாழும் கறுப்பின மக்களிடையே சாண்ட்ரா ஸ்மித் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், உதவக்கூடிய நிலையில் இருந்த பலர் தங்கள் பெயர் கெட்டுவிடும் என்ற பயத்தால் ஒதுங்கியது தெரிகிறது. தொடர்பு இருப்பது வேறு, அந்தத் தொடர்பு நமக்காக அசைவது வேறு. அதை நாங்கள் படித்தும் இருந்தோம். ஆனாலும் செய்தி எழுதும்போது மறந்துவிட்டோம்.

## மாற்றிய செய்தி

ஒன்பதாவது வாரம் முடிவை மாற்றினோம். மெல்லிய தொடர்பிடம் பரிந்துரை கேட்பதில்லை, அவர் கண்ணால் பார்த்ததை மட்டும் கேட்பது. பயோடேட்டா இணைப்பதில்லை. இன்ஜினியருக்குப் போன இரண்டாவது செய்தி இது:

> வணக்கம் சார். போன வாரம் என்னைப் பரிந்துரைக்கச் சொல்லிக் கேட்டிருந்தேன். அது உங்களுக்குச் சங்கடம் என்று பிறகுதான் தோன்றியது, அதை விட்டுவிடுங்கள். ஒரு விவரம் மட்டும் கேட்கலாமா? நான் பதினொரு வருடம் மருந்து ஆய்வகத்தில் மட்டுமே இருந்தவள். இதே கருவி மருந்துக்கு வெளியே எந்த மாதிரி ஆய்வகங்களில் இப்போது புதிதாக இறங்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். பத்து நிமிடம் பேச முடிந்தால் உதவியாக இருக்கும். உங்கள் பெயரை எங்கேயும் சொல்ல மாட்டேன்.

கேட்ட கேள்விக்கு அவரால் யோசிக்காமலே பதில் சொல்ல முடியும், சொல்வதில் அவருக்கு எந்த நஷ்டமும் இல்லை. இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். பன்னிரண்டு நிமிடம் பேசினார் என்று நோட்டில் இருக்கிறது.

உணவுப் பரிசோதனை ஆய்வகம் ஒன்றில் இரண்டு மாதம் முன்னால் புதுக் கருவி நிறுவிக் கொடுத்திருக்கிறார். அதை ஓட்டத் தெரிந்தவர் அங்கே ஒரே ஒருவர். வாரா வாரம் ஏதாவது ஒரு சின்ன சந்தேகத்துக்கு அவரைக் கூப்பிடுகிறார்களாம். "ஆள் எடுக்கறதா விளம்பரம் எதுவும் இல்ல மேடம். ஆனா எடுத்துத்தான் ஆகணும். நான் சொன்னேன்னு மட்டும் வேண்டாம்" என்றிருக்கிறார்.

உணவு ஆய்வகம் என்ற திசையே அதுவரை அவருடைய நோட்டில் இல்லை. 23 நெருங்கியவர்களில் ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. அவர்களில் பெரும்பாலோர் மருந்துத் துறைக்காரர்கள்.

## சாட்சிக்கு யாரிடம் போனார்

இப்போது செய்தி கையில் இருந்தது. ஆனால் இன்ஜினியர் பெயரைச் சொல்லக் கூடாது, ஆய்வகத் தலைவருக்கு இவரைத் தெரியாது, துறையும் வேறு. வெறும் விண்ணப்பமாகப் போனால் ஓரமாக வைத்துவிட வாய்ப்பு அதிகம்.

இந்த இடத்தில்தான் நாங்கள் அந்த நூல்கண்டுக்குத் திரும்பினோம். புதுச் செய்தி கொண்டுவர முடியாத அதே நெருங்கியவர்களால், இவர் எப்படிப்பட்டவர் என்று நிச்சயமாகச் சொல்ல முடியும். ஏழு வருடம் இவருடைய மேலாளராக இருந்தவர் அந்த 23 பேரில் ஒருவர். முதல் ஐந்து வாரமும் அவரிடம் "ஏதாவது வேலை இருக்கா சார்" என்றுதான் கேட்டிருந்தார். இந்தத் தடவை, நேரில் பார்த்த ஒரே ஒரு சம்பவத்தை நாலு வரி எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்.

அவர் எழுதிக் கொடுத்தது: ஒரு தொகுதி மருந்தின் முடிவு வரம்பைத் தாண்டியபோது, அனுப்பியாக வேண்டும் என்று எல்லாப் பக்கமும் அவசரப்படுத்தியும் இவர் முடிவைத் திருத்தவில்லை, மூன்று நாளில் மாதிரி தயாரிப்பில் நடந்த பிழையைப் படிப்படியாகச் சோதித்துக் கண்டுபிடித்தார். "திறமையானவர், கடின உழைப்பாளி" என்ற சொற்கள் அதில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

பத்தாவது வாரம் அந்த நாலு வரியோடு உணவு ஆய்வகத் தலைவருக்குக் கடிதம் போனது. அவர் மேலாளரை ஃபோனில் பிடித்து நீண்ட நேரம் பேசியிருக்கிறார். அடுத்த வாரம் நேர்முகம். கருவி வரைந்து தரும் குரோமட்டோகிராம் ஒன்றை முன்னால் வைத்து, ஒரே பீக் இரண்டாகப் பிளந்து வருகிறது, முதலில் எதைப் பார்ப்பீர்கள் என்று கேட்டார்களாம். பதின்மூன்றாவது வாரம் வேலை உறுதியானது. சம்பளம் பழையதைவிடக் கொஞ்சம் குறைவு. புதுத் துறை என்பதால் ஏற்றுக்கொண்டார்.

செய்தியை மாற்றிய பிறகு 19 பேரில் 11 பேர் பதில் சொன்னார்கள். எட்டு வேலைத் தகவல்கள் வந்தன, எட்டும் வெவ்வேறு. ஐந்து எங்கும் விளம்பரமாகாதவை. அவற்றில் மூன்று நேர்முகங்கள், அதில் கிடைத்தது இந்த ஒரு வேலை.

## இது எவ்வளவு தூரம் பொருந்தும்

ஒருவருடைய அனுபவத்தை வைத்து மெல்லிய தொடர்புதான் எப்போதும் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. அதே ஆலையின் கிடங்குப் பொறுப்பாளருக்கு மூன்றே வாரத்தில் வேலை கிடைத்தது, மைத்துனர் மூலம். கிடங்குச் சாவியைக் கொடுப்பவர்கள் முதலில் தேடுவது நம்பிக்கையை, அதை மைத்துனரின் ஒரு வார்த்தை கொடுத்துவிட்டது. சீனாவின் தியான்ஜின் நகரில் யான்ஜி பியான் நடத்தி 1997-ல் வெளியிட்ட ஆய்விலும் நெருங்கிய உறவே முன்னால் நின்றது. அங்கே அப்போது வேலைகளை அரசே ஒதுக்கியது, செல்வாக்கு உள்ளவர் விதியைக் கொஞ்சம் வளைத்து உதவ வேண்டியிருந்தது. அரைகுறையாகத் தெரிந்தவருக்காக யாரும் அந்த ஆபத்தை எடுக்க மாட்டார்கள்.

ஆக, ஒருவர் வழியில் தடையாக நிற்பது எது என்று முதலில் பார்க்க வேண்டியிருக்கிறது. தகவல் வராததா, நம்ப ஆள் இல்லாததா? இவருக்கு முதலில் அது, பிறகு இது. நோட்டில் ஒரே வேலை திரும்பத் திரும்ப வருவது முதல் தடையின் அடையாளம். புதுப்புது வேலைகள் தெரிந்தும் அழைப்பே வராமல் இருந்தால் அது இரண்டாவது.

## இனி மாற்றிச் செய்வது

நாங்கள் இப்போது தாளில் வரையும் வேலையை முதல் சந்திப்பிலேயே செய்கிறோம். ஆட்களைக் கேட்காமல் சந்தர்ப்பங்களைக் கேட்கிறோம். மூடப்போகும் நிறுவனத்தில் இன்னும் இருப்பவர்களிடம், அலுவலக மெயில் நிற்பதற்கு முன்னால் வெளியாட்களின் பெயரையும் அவர்கள் எந்த நிறுவனம் என்பதையும் சொந்த நோட்டில் எழுதிக்கொள்ளச் சொல்கிறோம். நிறுவனத்தின் கோப்பு எதையும் எடுக்க வேண்டாம், பெயர் மட்டும் போதும். இன்ஜினியரைத் தேடிப் பிடிக்க இவருக்கு ஒரு வாரத்துக்கு மேல் ஆனது அந்த ஒரு நம்பர் இல்லாததால்தான்.

எனக்கு இன்னும் தீராத கேள்வி ஒன்று இருக்கிறது. இவருடைய ஆய்வகத்தில் மூன்று வருடம் வேலை பார்த்த ஒரு இளைஞரும் எங்களிடம் வந்தார். அதே தாள், அதே கேள்விகள். வெளியாட்கள் என்று அவருக்குக் கிடைத்தது நான்கு பெயர்கள், அதில் இரண்டு பேருக்கு அந்த இளைஞரை ஞாபகமே இல்லை. காரணம் அவர் குணத்தில் இல்லை. சர்வீஸ் இன்ஜினியர் வந்தால் பக்கத்தில் நிற்பது மூத்தவர், பயிற்சிக்கு வெளியே போவது மூத்தவர், ரசாயனம் சரியில்லை என்று ஃபோன் செய்வதும் மூத்தவர். மெல்லிய தொடர்பு உண்டாகும் இடங்களில் எதிலும் அந்தப் பையனை யாரும் நிற்க வைக்கவில்லை. "நிறையப் பேரிடம் பழகுங்கள்" என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அவருக்கு இல்லாத பாலத்தை வேறொருவரிடமிருந்துதான் கடன் வாங்க வேண்டியிருந்தது. புது ஆய்வகத்தில் சேர்ந்த அந்தப் பெண்மணியிடம் சொன்னோம். ஆறு மாதக் காலிபரேஷனுக்கு இன்ஜினியர் வந்தபோது, இவர் அந்தப் பையனின் வேலையை மூன்று வருடம் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால், தயங்காமல் அவன் பெயரைச் சொல்லியிருக்கிறார். இன்ஜினியர் இரண்டு ஆய்வகங்களின் பெயரைக் கொடுத்தார். இந்த முறை, "மேடம் சொன்னாங்கன்னு என் பேரையும் சொல்லலாம்" என்றாராம். பையனுக்கு அடுத்த வாரம் முதல் நேர்முகம்.